ஏலக்காய், கிராம்பு, பட்டை: எத்தனை எடுத்தால் எத்தனை டீஸ்பூன் பொடி?

கேள்வி: கிறிஸ்துமஸ் கேக் குறிப்பு ஒன்றில் ஏலக்காய்ப் பொடி 1 டீஸ்பூன், கிராம்புப் பொடி ¼ டீஸ்பூன், பட்டைப் பொடி 1½ டீஸ்பூன் என்று இருக்கிறது. என்னிடம் எல்லாமே முழுசாகத்தான் இருக்கிறது. எத்தனை எடுத்துப் பொடிக்க வேண்டும்? இணையத்தில் ஆளுக்கு ஒரு கணக்கு சொல்கிறார்கள். அதேபோல, குருமாவில் முழு மசாலாவுக்குப் பதில் பொடி போட்டால் எவ்வளவு போடலாம்?

பதில்:

முதலில் கேக்குக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், அவசரமாக இருந்தால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஏலக்காய் நடுத்தர அளவில் 15, தோல் நீக்கி விதை மட்டும். கிராம்பு 6 அல்லது 7. பட்டை 5 கிராம், அதாவது நம் கடைகளில் கிடைக்கும் தட்டையான பட்டையில் விரல் அகலத்தில் 2 அங்குல நீளமுள்ள துண்டுகள் மூன்று நான்கு.

இணையத்தில் ஏன் ஆளுக்கொரு கணக்கு என்றால், இரண்டு வேறு கேள்விகளுக்கான பதில்களை ஒரே பட்டியலில் போட்டு வைத்திருக்கிறார்கள். இத்தனை ஏலக்காயைப் பொடித்தால் எவ்வளவு பொடி வரும் என்பது ஒன்று. குழம்பில் முழுசாக மிதக்கும் ஏலக்காய்க்குப் பதில் எவ்வளவு பொடி போட்டால் அதே அளவு மணம் வரும் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் விடை ஒன்றாக இருக்கவே முடியாது, ஏனென்றால் முழுசாகப் போட்டது தன்னிடம் உள்ளதில் கொஞ்சத்தைத்தான் குழம்பில் விடும், மிச்சத்தை நாம் தட்டில் ஓரமாக ஒதுக்கிவிடுகிறோம். பொடியோ மொத்தமாக வயிற்றுக்குள் போகிறது. உங்கள் கேக் முதல் கேள்வி, குருமா இரண்டாவது கேள்வி.

முதல் கேள்விக்கு எண்ணிக்கையைவிட எடைதான் நம்பகமானது. தலைதட்டிய ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி அளவுக் கரண்டியில், ஏலக்காய்ப் பொடி சுமார் 2 கிராம் பிடிக்கும். கிராம்புப் பொடியும் ஏறக்குறைய அதே 2 கிராம். பட்டைப் பொடி கொஞ்சம் கனம், 2.6 கிராம் வரும். இந்த மூன்று எண் தெரிந்தால் போதும், மிச்சத்தை உங்கள் வீட்டில் இருக்கும் சரக்கை வைத்து நீங்களே கண்டுபிடிக்கலாம். (டீஸ்பூன் என்றால் அளவுக் கரண்டி. காபி கலக்கும் ஸ்பூன் வீட்டுக்கு வீடு மாறும், சிலது 3 மில்லிதான் பிடிக்கும், சிலது 7 வரை போகும். கிராம்பு விஷயத்தில் இந்த வித்தியாசம் நன்றாகவே நாக்கில் தெரியும்.)

சரி, கால் கிராம், அரை கிராம் எல்லாம் எடை போடும் தராசு எல்லார் வீட்டிலும் இருக்காது. அதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. கடையில் 10 கிராம் ஏலக்காய்ப் பாக்கெட் வாங்குகிறீர்கள் அல்லவா, பிரித்ததும் ஒருதரம் எண்ணிவிடுங்கள். 50 காய் இருந்தால் ஒரு காய் 0.2 கிராம். குண்டான 8 மில்லிமீட்டர் காய் என்றால் 40-க்குள் அடங்கிவிடும், சின்னக் காய் என்றால் 60-ஐத் தாண்டும். கிராம்பும் அப்படியே, 10 கிராமில் 100 முதல் 140 வரை இருக்கும், அதாவது ஒன்று 0.07 முதல் 0.1 கிராம். ஒரு பாக்கெட்டுக்கு ஒருமுறை எண்ணினால் அந்தப் பாக்கெட் தீரும்வரை கவலை இல்லை. பாக்கெட்டின் மேல் மார்க்கர் பேனாவால் எழுதி வைத்துவிடலாம்.

ஏலக்காயில்தான் குழப்பம் அதிகம், காரணம் தோல். ஒரு காயின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு விதை, ஒரு பங்கு தோல். மணத்துக்குக் காரணமான எண்ணெய் கிட்டத்தட்ட முழுவதும் விதையில் இருக்கிறது, தோலில் பேருக்குத்தான். 0.2 கிராம் காயில் விதை 0.13 கிராம். ஒரு டீஸ்பூனுக்கு 2 கிராம் வேண்டும், 2-ஐ 0.13-ஆல் வகுத்தால் 15 காய். இதே காயைத் தோலோடு அரைத்தால் 10 காயிலேயே டீஸ்பூன் நிறைந்துவிடும், ஆனால் அந்த டீஸ்பூனில் மூன்றில் ஒரு பங்கு வெறும் நார். 10 ஏலக்காய் என்றால் 1½ டீஸ்பூன் என்று பல பட்டியல்களில் பார்த்திருப்பீர்கள். அது பெரிய காயைத் தோலோடு அரைத்தால் மட்டுமே ஒத்துவரும் கணக்கு. நம் வீட்டுச் சாதாரணக் காயை எடுத்து, தோலை நீக்கி, அந்தக் கணக்கை நம்பினால் பாதிக்கும் குறைவான பொடிதான் கையில் நிற்கும்.

எனவே விதை மட்டும் என்றால், பெரிய காய் 10 முதல் 12, நடுத்தரம் 15, பொடிக் காய் 20 என்று ஒரு டீஸ்பூனுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாயசத்துக்கும் கேசரிக்கும் நாம் வழக்கமாகத் தட்டிப் போடும் 4, 5 காய் என்பது ¼ முதல் ⅓ டீஸ்பூன் பொடி. அங்கே எப்படியும் பொடியாகத்தான் போடுகிறோம் என்பதால் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், குறைக்க வேண்டியதில்லை.

காயை உரிக்கும்போது விதையையும் ஒரு பார்வை பாருங்கள். நல்ல விதை கறுப்பாகவோ கரும்பழுப்பாகவோ, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, லேசான பிசுபிசுப்போடு இருக்கும். உலர்ந்து, வெளுத்த பழுப்பில், உதிரி உதிரியாகக் கொட்டினால் மணம் ஏற்கெனவே போய்விட்டது. வாயில் போட்டுக் கடித்தால் குளிர்ச்சியாக மூக்குக்கு ஏற வேண்டும், ஏறவில்லை என்றால் 15-க்குப் பதில் 20 எடுத்துக்கொள்ளுங்கள். தோல் பச்சையாக இருக்கிறதா என்பதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள், பச்சைத் தோலுக்குள் முற்றாத விதை இருக்கும் காயும் கடையில் தாராளமாகக் கிடைக்கிறது. உரித்த தோலை டீத்தூள் டப்பாவிலோ சர்க்கரை டப்பாவிலோ போட்டுவிடலாம், இருக்கும் கொஞ்ச மணம் அங்கே பயன்படும்.

கிராம்பு எண்ணிக்கையில் சுலபம், தவறினால் திருத்த முடியாது என்பதுதான் சிக்கல். ஒன்று 0.08 கிராம் என்றால் ¼ டீஸ்பூனுக்கு வேண்டிய அரை கிராமுக்கு 6 அல்லது 7 கிராம்பு. ஒரு முழு டீஸ்பூனுக்கு 25 ஆகும், ஆனால் வீட்டுச் சமையலில் அவ்வளவு கேட்கும் குறிப்பு ஏதாவது கண்ணில் பட்டால் ஒருதரம் சந்தேகப்படுங்கள். இதிலும் பட்டியல்களில் சுற்றும் ஒரு எண் இருக்கிறது, 3 கிராம்பு என்றால் ¼ டீஸ்பூன் பொடி என்று. எடை போட்டுப் பார்த்தால் 3 கிராம்பில் ⅛ டீஸ்பூன்தான் வரும். கேக்குக்கு முழு கிராம்பைப் பொடிக்கும்போது அந்தக் கணக்கை நம்பினால் வாசனை பாதியாகக் குறையும், பெரிய கெடுதல் இல்லை. எதிர்ப்பக்கமாக, 3 கிராம்புக்குப் பதில் கடைப் பொடியில் ¼ டீஸ்பூன் அள்ளிப் போட்டால்தான் வம்பு. கிராம்பின் எண்ணெயில் பெரும்பங்கு யூஜினால், பல்வலிக்குத் தடவினால் மரத்துப்போக வைக்கிறதே அதுதான். அளவு மீறினால் கசப்பும் நாக்கில் ஒரு மரமரப்பும் வந்து உட்கார்ந்துவிடும், அதற்குமேல் சர்க்கரை போட்டாலும் தேங்காய்ப் பால் ஊற்றினாலும் அது அசையாது.

கிராம்பில் இன்னொன்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது. எண்ணெய் எடுத்த சக்கைக் கிராம்பைக் கலந்து விற்பது உண்டு. ஒரு தம்ளர் தண்ணீரில் நாலைந்தைப் போடுங்கள். நல்லது மூழ்கும், அல்லது தலை மேலே இருக்கச் செங்குத்தாக நிற்கும். எண்ணெய் போனது படுக்கையாக மிதக்கும். நகத்தால் அழுத்தினாலும் தெரியும், நல்ல கிராம்பில் லேசாக எண்ணெய் கசியும். சக்கைக் கிராம்பு 7 போடுவதும் 10 போடுவதும் ஒன்றுதான், கணக்குப் போட்டுப் பயனில்லை, மாற்றி வாங்குங்கள். மொட்டு உதிர்ந்து வெறும் காம்பாக இருப்பதையும் எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

பட்டைக்கு வருவோம். இங்கே துண்டு, அங்குலம், குச்சி எதுவுமே அளவே இல்லை. தமிழ்நாட்டு மளிகைக் கடையில் பட்டை என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் கேசியா, தடித்த, தட்டையான, மரத்துண்டு போன்ற பட்டை. இலங்கையில் கறுவாப்பட்டை என்பது வேறு மரத்தினுடையது, தாள் போல மெல்லிய அடுக்குகள் பல சேர்ந்து சுருட்டு மாதிரி சுருண்டிருக்கும், விரலாலேயே நொறுக்கலாம். மேல்நாட்டுக் குறிப்புகளில் வரும் 3 அங்குலக் குச்சி இந்தக் கறுவாவாகவும் இருக்கலாம், இருபுறமும் உள்நோக்கிச் சுருண்ட ஒற்றைத் தடிப் பட்டையான கேசியாவாகவும் இருக்கலாம். விரல் கனமுள்ள 3 அங்குலக் கறுவாக் குச்சி 3 கிராம் சுற்றி இருக்கும், பொடித்தால் 1 டீஸ்பூனுக்குக் கொஞ்சம் மேலே. அதே நீளக் கேசியாக் குச்சி அதைவிடக் கனம், 1½ டீஸ்பூனுக்கு மேலும் வரலாம். நம் தட்டைப் பட்டையில் விரல் அகலத்தில் 2 அங்குலத் துண்டு, தடிமனைப் பொறுத்து 1 முதல் 2 கிராம்.

இப்போது, ஒரு குச்சி என்றால் ½ டீஸ்பூன் என்று எங்கு பார்த்தாலும் எழுதியிருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது? அது பொடித்தால் வரும் அளவு இல்லை, குழம்பிலோ பாலிலோ முழுசாகக் கொதிக்கும் குச்சிக்கு ஈடான பொடியின் அளவு. அந்த வேலைக்கு அது சரியான எண்தான். அதைப் பார்த்துவிட்டு, உங்கள் கேக்குக்கு 1½ டீஸ்பூன் வேண்டும், ஆகவே 3 குச்சி என்று பொடித்தால் தேவையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் பொடி கிடைக்கும். மிஞ்சுவதை டப்பாவில் போட்டால் நஷ்டமில்லை, வந்தது எல்லாவற்றையும் மாவில் கொட்டினால்தான் கேக் காரமாகிவிடும்.

எனவே பட்டையை மட்டும் எடை போட்டே எடுங்கள், சாதாரண சமையலறைத் தராசு போதும். 1½ டீஸ்பூனுக்கு 4 கிராம் பொடி வேண்டும், சலிக்கும்போது கப்பி நிற்கும் என்பதால் 5 கிராம் எடுங்கள். தராசே இல்லையென்றால் கொஞ்சம் கூடுதலாகப் பொடித்துச் சலித்து, அதிலிருந்து அளவுக் கரண்டியால் 1½ அளந்துகொள்ளுங்கள், இதற்கு எந்தக் கணக்கும் வேண்டாம். குறிப்பு அமெரிக்காவிலிருந்து வந்தது என்றால் அவர்கள் பட்டைப் பொடி என்று விற்பதே பெரும்பாலும் கேசியாதான், நம் பட்டை பொருந்தும். இலங்கை லவ் கேக் போன்றவற்றில் கறுவாதான் உரியது, அங்கே நம் பட்டையைப் போடுகிறீர்கள் என்றால் சொன்ன அளவில் முக்கால் பங்கோடு நிறுத்துங்கள், இது உறைப்பும் காரமும் அதிகம்.

பொடிக்கும் முறையிலும் அளவு மாறும் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு குறைந்த சரக்கு மிக்ஸியில் பிளேடுக்கு அடியிலேயே சுற்றிக்கொண்டிருக்கும், அரைபடாது. முதலில் பட்டையைச் சின்னதாக ஒடித்து, வெறும் சட்டியில் சின்னத் தீயில் ஒரு நிமிடம் சூடு காட்டுங்கள், ஈரம் போனால் போதும், வீடெல்லாம் மணக்க வறுத்தால் அந்த மணம் கேக்கில் இருக்காது. நன்றாக ஆறியதும் சின்ன ஜாரில் விட்டு விட்டு ஓட்டி, மெல்லிய சல்லடையில் சலித்து, கப்பியைத் திரும்ப ஓட்டுங்கள். பட்டையைக் கொரகொரப்பாக விட்டால் கேக் துண்டில் மணல் மாதிரி பல்லில் கடிபடும். அப்புறம் ஏலக்காய் விதையையும் கிராம்பையும் கேக்குக்கு அளந்து வைத்த சர்க்கரையிலிருந்தே இரண்டு மேசைக்கரண்டி எடுத்துச் சேர்த்து அரையுங்கள். சர்க்கரை இருந்தால் பிளேடு பிடித்துக்கொள்ளும், எண்ணெய் ஜாரில் ஒட்டாமல் சர்க்கரையோடு வந்துவிடும். இங்கே நீங்கள் காயை எண்ணியே எடுத்துவிட்டதால் அரைத்த பிறகு டீஸ்பூனால் அளக்க வேண்டியதே இல்லை, ஜாரில் இருப்பதை மொத்தமாகத் தட்டிவிடுங்கள்.

சர்க்கரை சேர்த்து அரைத்த ஏலக்காய்ப் பொடியை டப்பாவில் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் கவனியுங்கள். கடையில் விற்கும் சில பொடிகளும் இந்த வகைதான், பொருட்பட்டியலில் பார்த்தால் தெரியும். சரிபாதி சர்க்கரை என்றால் 1 டீஸ்பூனுக்கு 2 டீஸ்பூன் போட்டால்தான் ஈடாகும். அதேபோல மிக்ஸியிலிருந்து அப்போதே எடுத்த பொடி காற்றோடு உப்பி இருக்கும், அரைமணி நேரம் கழித்து அளந்தால் அடங்கிக் குறைவாகக் காட்டும். பொடி எங்கேயும் போகவில்லை. பொடித்த பிறகு அளப்பதைவிடப் பொடிப்பதற்கு முன் எண்ணுவதோ எடை போடுவதோ மேல் என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி குருமா. முதலில் உங்கள் குறிப்பில் பட்டை, கிராம்பு, ஏலக்காய் எங்கே வருகிறது என்று பாருங்கள். தேங்காய், சோம்பு, கசகசாவோடு வறுத்து அரைக்கும் இடத்தில் வந்தால் அவை ஏற்கெனவே பொடியாகும் கணக்குதான், மேலே சொன்ன அளவையே போடலாம். தாளிக்கும் இடத்தில் வந்தால்தான் குறைக்க வேண்டும். எவ்வளவு குறைப்பது என்பதற்கு அறிவியல் துல்லியம் எதுவும் கிடையாது, கொதிக்கும் நேரம், எண்ணெயின் அளவு எல்லாவற்றையும் பொறுத்தது. என் கைக்கணக்கு ஏலக்காய்க்குப் பாதி, பட்டைக்கும் கிராம்புக்கும் மூன்றில் ஒன்று.

நாலு பேருக்கான குருமாவில் தாளிக்க 3 ஏலக்காய், 4 கிராம்பு, 2 அங்குலப் பட்டை ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஏலக்காய் விதை 0.4 கிராம், பொடித்தால் ¼ டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவு, அதில் பாதி என்றால் ⅛ டீஸ்பூனை எட்டாது. கிராம்பு 0.32 கிராம், மூன்றில் ஒன்று என்பது 0.1 கிராம், அது இரண்டு விரலால் எடுக்கும் ஒரு சிட்டிகை, அதற்குமேல் வேண்டாம். பட்டை 1½ கிராம், அதில் மூன்றில் ஒன்று அரை கிராம், ¼ டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு. மூன்றையும் சேர்த்தாலே ½ டீஸ்பூனைத் தொடாது. பார்க்கக் கொஞ்சமாகத்தான் தெரியும், அதை நம்பிப் போடுங்கள், இறக்கும்போது ருசி பார்த்து ஏலக்காய் வேண்டுமானால் இன்னும் ஒரு சிட்டிகை கூட்டலாம்.

போடும் நேரமும் மாற வேண்டும். முழு மசாலா எண்ணெயில் முதலில் போகும். பொடியை அந்த இடத்தில் போட்டால் சில விநாடிகளில் கருகிக் கசந்துவிடும். வெங்காயம் தக்காளி வதங்கி, ஈரம் இருக்கும்போது பட்டைப் பொடியையும் கிராம்புப் பொடியையும் போடுங்கள், ஏலக்காய்ப் பொடியை இறக்கும் முன். குருமா வெள்ளையாக இருக்க வேண்டும் என்றால் பொடியே வேண்டாம், பட்டைப் பொடி நிறத்தை மங்கலாக்கிவிடும். டீயிலும் நெய்ச்சோற்றிலும் பட்டைக்குப் பதில் பொடி போடுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சூடான நீரில் பட்டைப் பொடி ஊறினால் கொழகொழவென்று ஆகும், டீயில் அடியில் பசை மாதிரி தங்கும், சோற்றில் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொள்ளும். பிரியாணியிலும் பட்டை முழுசாகத்தான் போக வேண்டும், வேண்டுமானால் ஏலக்காயையும் கிராம்பையும் மட்டும் தட்டி ஒரு சிறு துணியில் முடிந்து போட்டு, பிறகு எடுத்துவிடலாம்.

கடையில் வாங்கிய பொடி வீட்டில் பல மாதமாகத் திறந்து இருந்தால் இந்தக் கணக்கு எதுவும் அதற்குப் பொருந்தாது. ஏலக்காய்ப் பொடிதான் முதலில் மணம் இழக்கும், பட்டைப் பொடி கொஞ்சம் தாங்கும், கிராம்புப் பொடி அதையும்விடப் பிடிவாதம். மூன்றையும் ஒரே பங்காகக் கூட்டினால் கிராம்பு மட்டும் தூக்கலாக நிற்கும். பழைய பொடி என்றால் ஏலக்காயை மட்டும் ஒன்றரை மடங்காக்குங்கள், பட்டையை முகர்ந்து பார்த்துக் கொஞ்சம் கூட்டுங்கள், கிராம்பில் கை வைக்காதீர்கள்.